அலங்கார எழுத்துருவும் உயிர்க்குறியும்

அலங்கார எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது அ, க, ம, த போன்ற உடல் எழுத்துகளை. எழுத்துரு விற்பவர்களின் மாதிரிப் படங்களும் அவற்றைத்தான் பெரிதாகக் காட்டும். ஆனால் தமிழ்த் தலைப்பு ஒன்று படிக்க முடியாமல் போவது உடல் எழுத்தால் அபூர்வம். கொம்பு, கால், மேல்விலங்கு, புள்ளி ஆகியவற்றில்தான் கோளாறு இருக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் தேர்வை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். எழுத்தின் உடலில் எவ்வளவு அலங்காரமும் இருக்கட்டும். குறியில் அலங்காரம் ஏறும்போது மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு பேனரை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் உள்ள பழவங்காடி கணபதி கோயில் இந்திய ராணுவத்தின் பராமரிப்பில் இருப்பது. தேங்காய் உடைப்பது அங்கே முக்கியமான வேண்டுதல். நாகர்கோவில், கன்னியாகுமரி பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உண்டு. சாலைக் கடைத்தெருவும் கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரங்களும் தமிழ் புழங்கும் இடங்கள். விநாயகர் சதுர்த்திக்கு அங்கே சாலையோரம் கட்ட, பத்து அடி அகலம் நான்கு அடி உயரத்தில் ஒரு தமிழ் பேனர் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு இரண்டு வரி:

```
பழவங்காடி கணபதி கோயில்
விநாயகர் சதுர்த்தி விழா
```

எதிர்ச்சாரியில் நடப்பவரும் பேருந்து ஜன்னலிலிருந்து பார்ப்பவரும் படிக்க வேண்டும். தூரம் இருபது முதல் முப்பது மீட்டர்.

முதலில் தலைப்பைப் பிரித்துப் பாருங்கள்

எழுத்துருப் பட்டியலைத் திறக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை, தலைப்பை எழுத்தெழுத்தாகப் படித்து ஆபத்து எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. இந்த இரண்டு வரியிலும் அது நன்றாகவே இருக்கிறது.

முதல் ஆபத்து இரண்டாவது எழுத்திலேயே வருகிறது. ழ என்பது மேலோட்டமாகப் பார்த்தால் ம போன்ற உடலும் கீழே இறங்கித் திரும்பும் ஒரு வாலும்தான். தடித்த, குட்டையான அலங்கார எழுத்துருக்களில் வரி உயரத்தை மிச்சப்படுத்த அந்த வாலைச் சுருக்கிவிடுவார்கள். சுருங்கிய வால் மு-வின் சுழியை நெருங்குகிறது. தூரத்தில் பார்ப்பவருக்கு ஊர்ப்பெயர் ‘பமுவங்காடி’ என்று விழும். ஊரை அறிந்தவர் சரியாகவே படித்துவிடுவார். அறியாதவர்தான் பலகையைப் பார்க்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து ங். தமிழில் ங வரும் இடம் குறைவு என்பதால் பல எழுத்துருக்களில் அதற்குக் கிடைக்கும் கவனமும் குறைவு. எடை கூடும்போது ங-வின் உள்ளே உள்ள இடைவெளிகள் அடைபடும். மேலே உள்ள தட்டையான கோட்டின் மீது புள்ளி ஒட்டி உட்கார்ந்தால் அது புள்ளியாகத் தெரியாமல் கோட்டில் ஒரு புடைப்பாகத் தெரியும்.

டி இன்னொரு சிக்கல். டகரத்தோடு இகரமும் ஈகாரமும் சேரும்போது மேல்விலங்கு மற்ற எழுத்துகளில் போல உட்காருவதில்லை. டி, டீ இரண்டுக்கும் தனி வடிவம் வரைந்திருக்க வேண்டும். வரையாத எழுத்துருவில் ட-வின் பக்கத்தில் ஒரு பொது விலங்கு ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘காடி’ என்ற முடிவு நம் தலைப்பில் இருப்பதால் இது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் வரியில் பெரிய ஆபத்து ர, ா இரண்டும் ஒரே சொல்லில் வருவது. ‘விநாயகர்’ என்பதில் துணைக்காலும் உண்டு, ரகரமும் உண்டு. இரண்டுக்கும் வேறுபாடு ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சிறிய கால்முனை மட்டுமே. பழைய அச்சில் ர், ரி, ரீ ஆகியவற்றை முனை இல்லாமலே வார்ப்பதும் உண்டு. அங்கே மேலே இருக்கும் புள்ளியோ விலங்கோ வேறுபாட்டைத் தாங்கியது. பழைய தோற்றம் வேண்டும் என்று செய்யப்படும் அலங்கார எழுத்துருக்கள் சில இந்த வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. நூலின் உடல் உரையில் இது பாதகமில்லை. பேனரில் புள்ளி மங்கினால் ‘விநாயகர்’ என்பதன் கடைசி இரண்டு எழுத்துகளை ‘கா’ என்று படிக்க இடமாகும்.

இதோடு ஒட்டிய ஒரு தட்டச்சுப் பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தலைப்பில்தான் மிகவும் அசிங்கமாகத் தெரியும். ர் என்று தட்ட வேண்டிய இடத்தில் துணைக்காலும் புள்ளியும் தட்டிவிடுவது. பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய உரைகளில் இது ஏராளம். சிறிய அளவில் கண்ணுக்குப் பிடிபடாது. 15 சென்டிமீட்டர் உயரத்தில் ‘சதுா்த்தி’ முனையில்லாமல் மொட்டையாக நிற்கும். எழுத்துரு மீது பழி போடும் முன் உரையைச் சோதியுங்கள். துணைக்காலை (`U+0BBE`) அடுத்து நேராகப் புள்ளி (`U+0BCD`) வரும் சரியான தமிழ்ச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்த இணையைத் தேடிப் பார்த்தாலே போதும், கிடைப்பதெல்லாம் பிழை.

இதே வகைதான் ஔ. சதுர்த்தி பேனர் என்றால் ‘ஔவையார் அருளிய விநாயகர் அகவல்’ என்று எங்காவது ஒரு வரி வரும். அதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று தட்டியிருப்பார்கள். நல்ல எழுத்துருவில் ஔ-வின் வலப்பகுதி தனி ள-வை விடச் சிறியது. பெரிதாக அச்சிட்டால் இரண்டும் வேறு என்று உடனே தெரியும். கௌ, கெள இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எழுத்துரு இந்த வேறுபாட்டைக் காட்டுகிறதா என்று புரியும்.

தலைப்பில் இல்லாததையும் சோதிக்க வேண்டும்

நம் இரண்டு வரியில் ஒற்றைக்கொம்பு இல்லை, இணைக்கொம்பு இல்லை, ஊகாரம் இல்லை, உகரம் து-வில் மட்டும். ஆனால் எழுத்துருவை ஒரு பேனருக்காக மட்டும் யாரும் எடுப்பதில்லை. அடுத்த வாரமே ‘தேங்காய் உடைக்குமிடம்’ என்றும் ‘குழந்தைகளைக் கவனியுங்கள்’ என்றும் அதே தோற்றத்தில் பலகை கேட்பார்கள். ஆகவே ஒரு சோதனைத் தொகுப்பு கையில் இருக்கட்டும்:

```
ரா ரர ர் ரி ரீ ரு ரூ
கெ கே கை கொ கோ கௌ கெள
டி டீ து தூ நு நூ மு மூ ழு ழூ
ங் ஞ் ணை லை னை றா ஸ்ரீ க்ஷ
குடை கூடை முடி மூடி
கொடை கோடை மெல் மேல் கரம் காரம்
```

முதல் நான்கு வரி வடிவத்தைச் சோதிக்க, கடைசி இரண்டு வரி படிப்பைச் சோதிக்க. ஏன் சொல் இணைகள் வேண்டும் என்றால், தெரிந்த சொல்லை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ‘சதுர்த்தி’யில் எந்தக் குறி சிதைந்தாலும் நம்மூர்க்காரர் ‘சதுர்த்தி’ என்றே படிப்பார். குடை, கூடை இரண்டில் எதுவென்று ஊகிக்க வழியில்லை. கண் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

உகர ஊகாரங்களைப் பற்றிக் கேரளத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலையாள எழுத்தில் 1971ஆம் ஆண்டு சீர்திருத்தம் உகர, ஊகாரக் குறிகளை மெய்யிலிருந்து பிரித்துப் பக்கத்தில் தனியாக நிற்க வைத்தது. ஒரே குறியை எல்லா எழுத்துக்கும் போட்டுக்கொள்ளலாம். தமிழில் அந்த வசதி கிடையாது. பதினெட்டு மெய்க்கும் உகரம் பதினெட்டு, ஊகாரம் பதினெட்டு என்று முப்பத்தாறு வடிவங்கள். அவை நான்கைந்து விதமாக ஒட்டுகின்றன. கிரந்த எழுத்துகள் மட்டும் பக்கத்துக் குறியை ஏற்கும். மலையாள எழுத்துருவில் தேர்ந்த வடிவமைப்பாளர்கூட இங்கே இடறுவதுண்டு. ஓர் எழுத்துரு அவசரமாகச் செய்யப்பட்டதா என்று அறிய எனக்குத் தெரிந்த குறுக்குவழி நூ, தூ, மூ, ழூ நான்கையும் பெரிதாக அச்சிட்டுப் பார்ப்பது. நூ-வின் வால் நு-வின் வாலை நகலெடுத்து நீட்டியதுபோல் இருந்தால் மற்ற குறிகளிலும் அதே சோம்பல் இருக்கும்.

ெ, ே வேறுபாடு இன்னும் நுட்பமானது. மேலே கூடுதலாக ஒரு சுழி, அவ்வளவுதான். இந்த வேறுபாடு ஆதியிலிருந்து இருந்ததும் அல்ல. திருவனந்தபுரத்துக்கு வடக்கே கொல்லத்தில் 1578இல் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சானபோது ஏட்டு வழக்கமே அச்சுக்கும் வழக்கம். எகரம் ஏகாரம் இன்று பிரிவது போல் பிரியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றம்தான் கொம்பில் இரண்டாம் சுழியைக் கொண்டுவந்தது. அலங்கார எழுத்துருவில் ஒற்றைக்கொம்பின் நுனியைச் சும்மா அழகுக்காகச் சுருட்டிவிட்டால் அந்த மாற்றமே வீணாகிறது: கெ-யும் கே-யும் மறுபடி ஒன்றாகிவிடும். கொம்பின் மேல்நுனியில் சுருள் வைத்த எந்த எழுத்துருவையும் நான் தலைப்புக்கு எடுக்க மாட்டேன், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

ணை, லை, னை, றா ஆகியவற்றைச் சேர்த்ததற்குக் காரணம் 1978. அந்த ஆண்டு தமிழ்நாட்டு அரசாணை பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியது. பழமைத் தோற்றம் தரும் எழுத்துருக்கள் சிலவற்றில் யானைத் தும்பிக்கை போன்ற பழைய லை, னை இன்னும் இருக்கின்றன. நாவல் அட்டைக்கு அது பொருந்தலாம். வழிகாட்டிப் பலகையில் நாற்பது வயதுக்குக் கீழுள்ளவரை ஒரு கணம் நிறுத்திவிடும்.

தூரத்தை அறைக்குள் கொண்டுவருவது

பத்து அடி என்பது 3.05 மீட்டர். ஏ4 தாளின் நீளப் பக்கம் 29.7 சென்டிமீட்டர். அதாவது தாளைப் படுக்கை வாக்கில் வைத்தால் நம் பேனரின் பத்தில் ஒரு பங்கு கிட்டத்தட்டக் கச்சிதமாகக் கிடைக்கிறது. பத்தில் ஒரு பங்கு எழுத்தைப் பத்தில் ஒரு பங்கு தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் விழும் அளவு ஒன்றே. தாளைச் சுவரில் கண் உயரத்தில் ஒட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அது இருபது மீட்டரிலிருந்து பேனரைப் பார்ப்பது. மூன்று மீட்டர் என்றால் முப்பது. வெயில், காற்று, கூட்டம் எதுவும் அறைக்குள் இல்லை என்பதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் மோசமாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைப் புள்ளியெண்ணில் பேசாதீர்கள். ஒரே எண்ணைக் கொடுத்தாலும் ஓர் எழுத்துருவில் ப பெரிதாகவும் இன்னொன்றில் சிறிதாகவும் வரும், ஏனென்றால் அந்த எண் மேலும் கீழும் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்தது. ப-வின் உயரத்தை அளவுகோலால் அளந்து எல்லா எழுத்துருவையும் அந்த உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். நம் முதல் வரி நீளமானது. ண, ழ, ங போன்ற அகல எழுத்துகளும் ே, ா என்று தனி இடம் பிடிக்கும் குறிகளும் உண்டு. ஓரங்களை விட்டால் ப-வின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போவது கடினம். தாளில் அது ஒன்றரை சென்டிமீட்டர்.

ஒப்பிட எடுத்துக்கொள்ள இலவச உரிமத்தில் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் சிலவற்றைச் சொல்கிறேன். `Baloo Thambi 2` உருண்டு திரண்டது, விழாவுக்கு ஏற்ற முகம். எடை 400 முதல் 800 வரை. `Anek Tamil` அகலத்தையும் எடையையும் தனித்தனியே மாற்றக்கூடியது. அகலம் 75 முதல் 125 வரை, எடை 100 முதல் 800 வரை. `Kavivanar` சாய்ந்த கையெழுத்துத் தோற்றம், ஒரே எடை. `Coiny` தடித்த விளையாட்டுத் தோற்றம், அதுவும் ஒரே எடை. அருகிலேயே மலையாளமும் வரும் ஊரில் முதல் இரண்டுக்கும் இன்னொரு நன்மை உண்டு: `Baloo Chettan 2`, `Anek Malayalam` என்று அதே குடும்பத்தில் மலையாளம் இருக்கிறது. `Meera Inimai` என்ற தமிழ் எழுத்துருவும் மலையாள மீராவின் வழியில் கே.எச். ஹுசைன் வடிவமைத்தது, தலைப்பை விட உடல் உரைக்கு ஏற்றது.

இப்போது தாளில் இருப்பதை, பேனரில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். படிக்கச் சொல்ல வேண்டாம், பார்த்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது தயங்கிய இடம் காதில் விழாமல் போகும். எழுதும்போது கூடை குடையானது காகிதத்தில் இருக்கும். முதலில் மூன்று மீட்டர், பிறகு இரண்டு. மூன்று மீட்டரில் தவறி இரண்டில் சரியானால் எடையைக் குறைத்து மறுபடி பாருங்கள். தலைப்பு என்றதும் ஆக அதிக எடையைப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஆங்கில எழுத்துகளில் அது தாங்கும். தமிழில் சுழிக்குள் சுழி இருக்கும் ண, ங, கொம்பு ஆகியவற்றின் உள்வெளி முதலில் அடைபடும். `Baloo Thambi 2` என்றால் 800-க்குப் பதில் 600-இல் தொடங்குவேன். எழுத்து மெலிந்தது போல் திரையில் தோன்றும், தூரத்தில் அது தெளிவாக மாறும்.

`Kavivanar` அழைப்பிதழுக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் நன்றாக இருக்கும். முப்பது மீட்டர் தூரத்துக்கு அதை நான் கொடுக்க மாட்டேன். சாய்வும் மெல்லிய கோடும் சேர்ந்தால் ர-வின் முனை தெரிய வேண்டிய இடத்தில் தெரிவதில்லை. விழாப் பேனருக்கு என் தேர்வு `Baloo Thambi 2`. தேங்காய் உடைக்கும் இடத்துக்கு அம்புக்குறி போடும் பலகைக்கு `Anek Tamil`, அகலம் 100, எடை 700. அகலத்தை 75-க்குக் குறைத்தால் எழுத்து பெரிதாக்கலாம் என்று ஆசை வரும். குறுக்கினால் முதலில் அடிபடுவது கொம்புகளின் சுழிகள்; அதனால் அந்த லாபம் நஷ்டமாகவே முடியும்.

உண்மை அளவில் ஒரே ஓர் எழுத்து

தூரச் சோதனை படிப்பைக் காட்டும். வரைவின் குறைகளைக் காட்டாது. அதற்கு எழுத்தை முழு அளவில் பார்க்க வேண்டும். முழுப் பேனரையும் அச்சிட வேண்டியதில்லை. ஓர் ஏ4 தாளுக்கு ஓர் எழுத்து வீதம் கோ (இதற்குத் தாள்கள் இரண்டு வேண்டியிருக்கலாம்), டி, தி, ர், ழ என்று எடுத்து 15 சென்டிமீட்டர் உயரத்தில் அச்சிட்டுக் கையில் வைத்துப் பாருங்கள்.

மேல்விலங்கு எழுத்தோடு சேரும் மூட்டைக் கவனியுங்கள். சில எழுத்துருக்களில் தி, யி, வி ஒவ்வொன்றும் ஒரே வடிவாக வரைந்திருக்கும். வேறு சிலவற்றில் விலங்கு ஒரே துண்டு, அதை எல்லா மெய்யின் மீதும் கொண்டுபோய் வைக்கிறார்கள். அப்படியானால் வி-யில் பொருந்திய விலங்கு யி-யில் படிபோல் துருத்தும், ணி-யில் மயிரிழை இடைவெளி விடும். 12 புள்ளியில் யாருக்கும் தெரியாத இது பேனரில் உடைந்த எழுத்தாகத் தெரியும். கோ-வில் மூன்று துண்டுகளுக்கு இடையே உள்ள வெளி சமமாக இருக்கிறதா பாருங்கள். கால் அதிகம் தள்ளி நின்றால் ‘கே’ ஒரு எழுத்தாகவும் ‘ா’ அடுத்த சொல்லின் தொடக்கமாகவும் தோன்றும். எழுத்து இடைவெளியைக் கூட்டும்போது இது மோசமாகும்: சில மென்பொருள்கள் கோ-வை ஒரே எழுத்தாக எண்ணாமல் ே, க, ா மூன்றுக்கும் நடுவே இடம் விடும். தமிழ்த் தலைப்பில் எழுத்து இடைவெளியைத் தொடாமல் விடுவதே நல்லது. அகலம் வேண்டுமென்றால் அகலமான எழுத்துருவை எடுங்கள்.

எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் கரை போடுவது விழாப் பேனர்களின் வழக்கம். அப்போது சில எழுத்துருக்களில், குறிப்பாக எடையை மாற்றக்கூடிய வகையில், எழுத்தின் உள்ளே தேவையற்ற கோடுகள் முளைக்கும். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதே காரணம். வடிவமாக மாற்றிவிட்டு, கோரல்டிராவில் `Weld`, இல்லஸ்ட்ரேட்டரில் `Unite` கொடுத்தால் ஒன்றாகும். கரையின் தடிமன் உள்பக்கமும் தின்னும் என்பதால் அதை எழுத்துக்குப் பின்னால் தனி அடுக்காக வையுங்கள். இல்லாவிட்டால் ங-வின் உள்வெளி கரையிலேயே போய்விடும்.

கேரளத்தில் 2019இல் பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை வந்த பிறகு துணியில் அச்சிடுவது கூடியிருக்கிறது. துணியில் மை சற்றுப் பரவும். வளையமாக வரைந்த புள்ளி அடைபட்டுப் பொட்டாகிவிடும், அது பரவாயில்லை. கொம்பின் சுழி அடைபட்டால் அது பரவாயில்லை என்று விட முடியாது. அந்தத் துணியிலேயே கே, கெ இரண்டையும் கொண்ட ஒரு முழத் துண்டை முன்னதாக அடித்துப் பார்க்க அச்சகத்தில் கேளுங்கள். அக்ரிலிக் எழுத்துகளை வெட்டி ஒட்டும் நிலையான பலகை என்றால் சிக்கல் வேறு. அங்கே புள்ளி தனித் துண்டு, தனியாக ஒட்டப்படுவது, முதலில் கழன்று விழுவதும் அதுவே. எழுத்துக்கும் புள்ளிக்கும் பின்னால் ஒரே தகட்டைக் கொடுத்து ஒட்டச் சொல்வது கொஞ்சம் செலவு. ‘கோயில்’ சில மாதங்களில் ‘கோயில’ ஆவதை அது தடுக்கும்.

இரண்டு வரி மோதும் இடம்

தமிழ் வரிக்கு மேலேயும் கீழேயும் ஆட்கள் உண்டு. நம் முதல் வரியில் ழ-வும் தி-யும் கீழே இறங்குகின்றன. இரண்டாம் வரியில் வி, ர், ர், த், தி, வி என்று ஆறு இடத்தில் மேலே குறி இருக்கிறது. இடப்பக்கம் சீராக வைத்தால் ழ-வின் வால் கிட்டத்தட்ட வி-யின் விலங்கின் மேல் வந்து நிற்கும். அங்கே தொட்டுக்கொண்டால் விலங்கு சுழித்தது போலாகி வி வீ-யாகத் தெரியும்.

அடிக்கோட்டிலிருந்து அடிக்கோட்டுக்கு ப-வின் உயரத்தைப் போல இரண்டு மடங்கில் தொடங்கி, மோதும் இடம் வரை மெல்லக் குறைத்துப் பாருங்கள். மோதினால் வரி முழுவதையும் விலக்குவதற்கு முன் இரண்டாம் வரியை நடுவில் வைத்தோ சற்று நகர்த்தியோ பாருங்கள். பல நேரம் வால் இரண்டு எழுத்துகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் இறங்கிவிடும். வாலை வெட்டிக் குறைப்பது மட்டும் வேண்டாம். பழவங்காடியின் ழ எதனால் ழ என்று முதலிலேயே பார்த்தோம்.

அச்சகத்துக்குக் கொடுப்பது

திருவனந்தபுரத்து அச்சகங்களில் இயந்திரத்தின் முன் இருப்பவர் தமிழ் படிக்காதவராக இருக்கலாம். அவர் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று தானாக வந்து அமரும். அவருக்கு அது தெரியாது. ஆகவே எழுத்தை வடிவமாக மாற்றியே கொடுக்க வேண்டும், கோரல்டிராவில் `Ctrl+Q`. மாற்றிய பிறகு உரையைத் திருத்த முடியாது என்பதால் எழுத்துப்பிழை பார்ப்பதெல்லாம் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வடிவமாக மாற்றும் முன்பே குறி இடம் மாறியிருப்பதும் உண்டு. இன்டிசைனில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்ந்தெடுக்காமல் ஒருங்குறித் தமிழை ஒட்டினால் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்கலாம், கோ-வின் துண்டுகள் சிதறலாம். திரையில் ‘கோயில்’ சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தாலே இது தெரியும். பழைய குறியாக்கத்தில் உள்ள அலங்கார எழுத்துருக்கள் இன்னும் கடைகளில் புழங்குகின்றன. அவற்றில் ஒருங்குறி உரையை ஒட்டினால் பெட்டிகளோ வேறு எழுத்துருவோ வரும். அவற்றைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் உரையை அந்தக் குறியாக்கத்துக்கு மாற்றி, மாற்றிய பின் எழுத்தெழுத்தாக மறுபடி படிக்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த நேரத்தில் ஒருங்குறி எழுத்துரு வேறொன்றைத் தேடலாம்.

கோப்போடு சரியான தோற்றத்தின் படம் ஒன்றையும் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். அதில் ஆபத்தான குறிகளை, அதாவது ழ-வின் வாலையும் கோ-வின் கொம்பையும் ர்-இன் முனையையும், சிவப்பில் வட்டமிடுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவரும் வடிவத்தை ஒப்பிட முடியும். புள்ளிகளை எண்ணியும் பார்க்கச் சொல்லலாம். நம் இரண்டு வரியிலும் சேர்த்து ஐந்து: முதல் வரியில் ங், ல், இரண்டாம் வரியில் ர், ர், த். அச்சாகி வெளிவந்த துணியில் நான்குதான் இருக்கிறது என்றால் அதைச் சுருட்டிக் கொடுக்கும் முன் உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.